ஏற்புரையும் மூன்று பணிகளும்

தமிழகத்தில் நிகழும் பொதுக்கூட்டங்களில் ஒவ்வோர் உரைக்கும் தனித்தனி இடம் உண்டு. வரவேற்புரை கூட்டத்தைத் தொடங்கி வைக்கிறது. நன்றியுரை அதனை முடித்து வைக்கிறது. இடையில் நிகழும் ஏற்புரை, ஒருவர் தமக்கு அளிக்கப்பட்ட சிறப்பையோ பொறுப்பையோ ஏற்றுக்கொள்ளும் உரையாகும். விருது பெற்றவரின் ஏற்புரை பெரும்பாலும் கடந்த காலத்தைப் பற்றியதாக அமையும். பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் ஏற்புரையோ வருங்காலத்தைப் பற்றியது. அதில் சொல்லப்படும் ஒவ்வொன்றும் அடுத்த பொதுக்குழுவில் கேள்வியாகத் திரும்பி வரக்கூடும்.

குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவர் நிகழ்த்தும் ஏற்புரையில் இத்தன்மை தெளிவாக விளங்கும். கேட்போர் அனைவரும் அண்டை வீட்டார். மறுநாள் காலையில் பால் வாங்கும்போது அவர்களைத் தலைவர் நேரில் சந்தித்தாக வேண்டும்.

நகராட்சி ஒன்றின் எல்லையில் அமைந்த 160 வீடுகள் கொண்ட மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்குள்ள சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றது. வீட்டுக்கு ஒரு வாக்கு. சந்தா நிலுவை உள்ளவர்க்கு வாக்கில்லை என்பது அதன் துணைவிதி. 32 வீட்டார் நிலுவை வைத்திருந்தமையால் 128 வீட்டாருக்கே வாக்குரிமை இருந்தது. ஜூலை முதல் ஞாயிறன்று நடந்த தேர்தலில் 113 வாக்குகள் பதிவாயின. அவற்றுள் இரண்டு செல்லாதவை. ஓய்வுபெற்ற அஞ்சலக அலுவலராகிய அம்மையார் ஒருவர் 60 வாக்குகளும், அவரை எதிர்த்து நின்றவர் 51 வாக்குகளும் பெற்றனர்.

வெற்றி பெற்றவர் மேடையேறுமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இங்கேயே இருக்கிறது. 160 வீடுகளில் அவரைத் தேர்ந்தெடுத்தவை 60. ஏனைய 100 வீட்டார் அவருக்கு வாக்களிக்கவில்லை, அல்லது வாக்களிக்க இயலவில்லை. 'எனக்கு வாக்களித்த அனைவருக்கும் நன்றி' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அந்த நன்றி குடியிருப்பின் பாதிக்கும் குறைவானவர்களையே சென்றடையும். அம்மையார் தம் உரையைப் பின்வருமாறு தொடங்கினார்:

"அன்பார்ந்த உறுப்பினர்களே, வணக்கம். எனக்கு வாக்களித்த 60 வீட்டாருக்கும் என் நன்றி. எதிர்த்து நின்ற ஐயா அவர்களுக்கு 51 வீட்டார் வாக்களித்துள்ளனர். போட்டி இருந்ததால்தான் இன்று இத்தனை பேர் இந்தக் கூடத்துக்கு வந்திருக்கிறீர்கள்; அதற்காக அவருக்கும் நன்றி. மழைநீர் பற்றி அவர் சொன்ன கருத்து சரியானது. அதனை என் பணிகளுள் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். இன்று வாக்களிக்க இயலாத 32 வீட்டாருக்கும் நானே தலைவர். அவர்களையும் மனத்திற்கொண்டே பேசுகிறேன்."

தோற்றவரை வெறும் சொற்களால் பாராட்டுவது எளிது. கேட்போர் அதனைப் பெரிதாகக் கொள்வதில்லை. அவருடைய கருத்துகளுள் ஒன்றைப் பெயர் சுட்டி ஏற்றுக்கொள்ளும்போது அவருக்கு வாக்களித்த 51 வீட்டாரும் அப்பணியில் பங்கு கொள்ள வழி பிறக்கிறது. நிலுவை வைத்திருப்போரை அவர் கடிந்துகொள்ளாததும் கருதத்தக்கது. அவர்கள் ஏன் சந்தா செலுத்தவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதனை அவர் பின்னர் எடுத்துரைக்கிறார்.

மேடையில் ஒலிபெருக்கி அமைத்தவருக்கும், தேநீர் வழங்கியவருக்கும், தேர்தல் அலுவலருக்கும் அவர் நன்றி கூறவில்லை. அது செயலாளரின் நன்றியுரைக்கு உரியது. இதனை மறந்து ஏற்புரையையே நீண்ட நன்றிப்பட்டியலாக்கிவிடுவோர் பலர். முக்கியமான செய்தி வரும்போது கூட்டத்தினர் எழுந்து நிற்கத் தொடங்கியிருப்பர்.

அடுத்து, பணிகளைத் தெரிவு செய்தல். தேர்தலுக்கு முன் குடியிருப்பில் பேசப்பட்ட கோரிக்கைகள் பல: தார்ச்சாலை, கண்காணிப்புக் கேமரா, பூங்காவில் உடற்பயிற்சிக் கருவிகள், மழைநீர்த் தேக்கம், குப்பை, வரவு செலவுக் கணக்கு. இவற்றுள் மூன்றைத் தெரிவு செய்ய அவர் இரண்டு வினாக்களை எழுப்பிக்கொண்டார். இது யாருடைய அதிகாரத்தில் உள்ளது? இதற்குப் பணம் இருக்கிறதா?

முதல் வினாவில் சாலை விலகிவிட்டது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் தெருக்களும் பூங்கா இடமும் தானப் பத்திரத்தின் வழியாக உள்ளாட்சி அமைப்புக்கு ஒப்படைக்கப்படுகின்றன. அத்தெருவில் சாலை அமைக்கும் அதிகாரம் நகராட்சிக்கே உரியது. சங்கம் மனு அளிக்கலாம். வார்டு உறுப்பினரைச் சந்திக்கலாம். எனவே 'சாலை அமைத்துத் தருவேன்' என்னும் தொடர், சொல்பவருக்கு இல்லாத அதிகாரத்தைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

இரண்டாம் வினாவுக்கு விடை காண அவர் சந்தாப் பதிவேட்டைப் பார்த்தார். மாதச் சந்தா வீட்டுக்கு 300 ரூபாய். 160 வீட்டாரும் செலுத்தினால் 48,000 ரூபாய் கிடைக்கும். 128 வீட்டார் மட்டுமே செலுத்துவதால் கிடைப்பது 38,400 ரூபாய். காவலர் ஊதியம், துப்புரவு, மின்கட்டணம் முதலியவற்றுக்கு 34,000 ரூபாய் செலவாகிறது. மாதந்தோறும் எஞ்சுவது 4,400 ரூபாய். வங்கியில் இருப்பது 21,000 ரூபாய். கேமராவுக்கான மதிப்பீடோ இரண்டு இலட்சம். மிச்சத் தொகையைக் கொண்டு அதனை வாங்க மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாகும். தலைவரின் பதவிக்காலம் இரண்டு ஆண்டுகளே.

இக்கணக்கில் வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. 32 வீட்டாரின் சந்தா மாதம் 9,600 ரூபாய். அது மாதாந்திர மிச்சத்தைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் வசதியற்றவர் அல்லர். இரண்டு ஆண்டுகளாகக் கணக்கு காட்டப்படாததால் சந்தாவை நிறுத்திவைத்தவர்கள். ஆகவே குப்பையையும் மழைநீரையும் பின்னே வைத்து, எவரும் கைதட்டி வரவேற்காத ஒன்றை அம்மையார் முதலில் வைத்தார்:

"முதற்பணி, கணக்கு. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் நாளுக்குள் சென்ற மாதத்தின் வரவு, செலவு, வங்கி இருப்பு ஆகிய மூன்றும் ஒரே தாளில் எழுதப்பட்டு, பூங்கா வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். தலைவரும் பொருளாளரும் அதில் கையொப்பம் இடுவோம். முதல் தாள் ஆகஸ்டு ஐந்தாம் நாள் வரும். நிலுவை வைத்துள்ளவர்களின் பெயர் அப்பலகையில் இடம்பெறாது. கணக்கைப் பாருங்கள், மனம் நிறைவடைந்தால் சந்தா செலுத்துங்கள்."

நிலுவையாளர் பெயர்களைப் பலகையில் எழுதும் வழக்கம் சில சங்கங்களில் உண்டு. அவமானத்துக்கு அஞ்சிச் சிலர் பணம் கட்டுவர். பலர் சங்கத்தையே பகைத்துக்கொள்வர். கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்பதை உறுப்பினர் எளிதில் அறியலாம். சென்ற மாத இருப்புடன் இம்மாத வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால் வருவது, கையிருப்பும் வங்கி இருப்பும் சேர்ந்த தொகைக்குச் சமமாக இருத்தல் வேண்டும். 'இதர செலவு' என்னும் தலைப்பு மாதந்தோறும் பெருகுமாயின் கேள்வி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

"இரண்டாம் பணி, மழைநீர். நகராட்சியின் அனுமதியுடன் நம் சங்கம் அமைத்த 12 உறிஞ்சுகுழிகள் தெருவோரங்களில் உள்ளன. அவற்றைச் செப்டம்பர் 15க்குள் தூர் எடுத்துச் சீர்செய்வோம். குழிக்கு 1,500 ரூபாய் வீதம் 18,000 ரூபாய் ஆகும். அப்பணம் நம்மிடம் உள்ளது."

தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. அமைப்புகள் பெருகின, பராமரிப்பு பல இடங்களில் நின்றுபோயிற்று. உறிஞ்சுகுழியில் கீழே கருங்கல் சல்லியும் மேலே மணலும் பரப்பப்பட்டிருக்கும். தெருவிலிருந்து வரும் வண்டல் அம்மணலின்மீது படிந்து நீர் இறங்கும் வழியை அடைத்துவிடுகிறது. குழியில் நான்கைந்து குடம் நீரை ஊற்றினால் உண்மை விளங்கும். நீர் சில நிமிடங்களில் இறங்கினால் குழி நன்றாக உள்ளது. நெடுநேரம் தேங்கி நின்றால் மேல்மணலை அகற்றிப் புதுமணல் இட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் செப்டம்பர் நடு என்னும் கெடு குறிக்கப்பட்டது. மழை தொடங்கிய பின் தூர் எடுத்தால் வெளியே கொட்டிய வண்டல் மீண்டும் குழிக்குள்ளேயே சென்றுவிடும். பெருமழையில் தெருநீர் முழுவதையும் 12 குழிகள் உறிஞ்சிவிட இயலாது. மழைநீர் வடிகால் தூர்வாருதல் நகராட்சியின் பணி. ஆகவே 'தண்ணீரே தேங்காது' என்று அவர் சொல்லவில்லை.

"மூன்றாம் பணி, குப்பை. மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரித்துக் கொடுக்கும் பழக்கத்தை முதல் தெருவின் 40 வீடுகளில் மட்டும் தொடங்குவோம். மூன்று மாதம் பார்ப்போம். சரியாக நடந்தால் அடுத்த தெரு."

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை வீட்டிலேயே மக்குவது, மக்காதது, தீங்கு விளைவிக்கக்கூடியது என மூவகையாகப் பிரிக்க வேண்டும் என்றன. ஒரே நாளில் 160 வீடுகளிலும் தொடங்கினால் முதல் வாரம் ஆர்வம் இருக்கும். பிறகு பத்து வீட்டார் கலந்து கொடுப்பர். வண்டியில் அனைத்தும் ஒன்றாகக் கொட்டப்படுவதைக் கண்டு ஏனையோரும் பிரிப்பதை விட்டுவிடுவர். 40 வீடுகள் என்றால் எந்த வீட்டு வாளியில் தவறு நேர்கிறது என்பதைத் துப்புரவுப் பணியாளரே அறிந்து சொல்ல முடியும். மக்காத குப்பை வாளியில் சோற்றுப் பருக்கையும் வாழைப்பழத் தோலும் காணப்பட்டால் அவ்வீட்டாருடன் ஒருமுறை பேச வேண்டும். பேசுவதற்கு உரியவர் தலைவரே. பணியாளரை அனுப்புதல் முறையன்று.

உரை முடியும் வேளையில் பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர், "சாலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, அம்மா?" என்று கேட்டார். மேடையில் இருப்பவர் வாய்தவறி வாக்குக் கொடுத்துவிடும் நேரம் இதுவே. அம்மையார் இவ்வாறு விடையளித்தார்:

"ஐயா, சாலை போடும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. இம்மாதம் 20ஆம் நாளுக்குள் நகராட்சியில் மனு கொடுப்பேன். ஒப்புகைச் சீட்டின் நகலைப் பலகையில் ஒட்டுவேன். சாலை எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது."

முதியவர் தலையசைத்து அமர்ந்தார். அவர் முழு மனநிறைவு அடைந்தாரா என்பதை அறிய இயலவில்லை. கூட்டம் முடிந்ததும் செயலாளர் மூன்று பணிகளையும், ஆகஸ்டு 5, செப்டம்பர் 15, மூன்று மாதம் என்னும் கெடுக்களையும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிந்தார். சாலைக்கான மனுவைத் தனி வரியில் எழுதி, அதனருகே 'ஜூலை 20' என்று குறித்துக்கொண்டார்.