கல்லீரல் காலியான பிறகு வரும் மாலைக்கண்

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வால்டும் அவருடைய மாணவர் ஜான் டவ்லிங்கும் செய்த ஒரு சோதனை 1958-ல் வெளியானது. வைட்டமின் ஏ அறவே இல்லாத தீவனத்தை வெள்ளை எலிகளுக்குக் கொடுத்து, வாரங்கள் போகப் போக அவற்றின் கல்லீரலையும் ரத்தத்தையும் விழித்திரையையும் அளந்து பார்த்தார்கள். முதலில் கரைந்தது கல்லீரலின் சேமிப்புதான். அது தீரும்வரை ரத்தத்தில் வைட்டமின் அளவு பெரிதாக இறங்கவில்லை. ரத்தத்திலும் தீர்ந்த பிறகே விழித்திரையில் ரோடாப்சின் என்ற நிறமி குறையத் தொடங்கியது. அது குறையக் குறைய, எலியின் கண்ணிலிருந்து ஒரு சமிக்ஞை வரவே கூடுதல் வெளிச்சம் தேவைப்பட்டது. அந்த நிலைதான் மாலைக்கண்.

ரோடாப்சின் இருப்பது குச்சி செல்களில். மங்கிய வெளிச்சத்தில் நாம் பார்ப்பது இந்தச் செல்களால்தான். ஆப்சின் என்ற புரதமும், அதன் நடுவே பொருந்தி உட்கார்ந்திருக்கும் ரெட்டினல் என்ற சிறு மூலக்கூறும் சேர்ந்தது ரோடாப்சின். ரெட்டினல் வேறெதுவும் இல்லை, வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். உடலால் அதைப் புதிதாக ஆக்க முடியாது, உணவிலிருந்துதான் வரவேண்டும்.

இருட்டில் ரெட்டினல் வளைந்த நிலையில் இருக்கிறது. ஒளியின் ஒரு துகள் பட்டதும், நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில், அது நிமிர்ந்துவிடுகிறது. பார்வை என்ற முழுச் செயலிலும் ஒளி நேரடியாகச் செய்யும் வேலை இந்த நிமிர்த்தல் மட்டுமே. நிமிர்ந்த மூலக்கூறு தன்னைச் சுற்றியுள்ள புரதத்தின் உருவத்தை மாற்ற, அங்கிருந்து சங்கிலித் தொடராக ரசாயன மாற்றங்கள் நடந்து மூளைக்குச் செய்தி போகிறது.

ஆனால் நிமிர்ந்த ரெட்டினலால் அடுத்த ஒளித்துகளைப் பிடிக்க முடியாது. அது ஆப்சினை விட்டுக் கழன்று, வைட்டமின் ஏ ஆக மாறி, குச்சி செல்களை ஒட்டியுள்ள நிறமிப் படலத்துக்குப் போகிறது. அங்கே நொதிகள் அதை மறுபடி வளைத்து, ரெட்டினலாக்கித் திருப்பி அனுப்புகின்றன. காத்திருக்கும் ஆப்சினோடு சேர்ந்ததும் மீண்டும் ரோடாப்சின். கடும் வெளிச்சத்துக்குப் பின் இருட்டுக்குக் கண் முழுவதும் பழக அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது இந்தச் சுற்று மெதுவாக முடிவதால்தான்.

திரும்பத் திரும்பப் பயன்படுகிறதென்றால் ஏன் தீர்ந்துபோகிறது? சுழற்சியில் கொஞ்சம் இழப்பு உண்டு. போதாததற்கு, குச்சி செல்லின் நிறமி அடுக்குகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தினமும் உதிர்ந்து புதிதாக வளர்கிறது. இந்த இழப்பை ரத்தம் ஈடுசெய்ய வேண்டும். ரத்தத்துக்குக் கொடுப்பது கல்லீரல்.

பகலில் இந்தக் குறை தெரியாது. சூரிய ஒளியில் துகள்கள் வெள்ளமாய் வருவதால், மிச்சமிருக்கும் நிறமியே போதும். பொழுது சாய்ந்ததும் வந்து விழும் ஒவ்வொரு துகளும் முக்கியம். அப்போது ரோடாப்சின் இல்லாத இடத்தில் பட்ட ஒளி வீண்தான்.

1960-ல் இதே இருவரும் வெளியிட்ட இன்னொரு சோதனை என்னை இன்றும் வியக்கவைக்கிறது. இம்முறை எலிகளுக்கு வைட்டமின் ஏ-க்குப் பதிலாக ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தார்கள். வைட்டமின் ஏ-யிலிருந்து உடலே தயாரிக்கும் பொருள் அது. எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன, உடம்பில் குறையே இல்லை. ஆனால் கண்கள் மட்டும் படிப்படியாகக் குருடாயின. அந்த அமிலத்தை உடலால் திரும்ப ரெட்டினலாக மாற்ற முடியாது. வளர்ச்சிக்கு ஒரு வடிவம், பார்வைக்கு வேறொரு வடிவம் என்பது இதைவிடத் தெளிவாக நிரூபணமானதில்லை. நிறமியை இழந்த குச்சி செல்களும் நாளடைவில் சிதைந்தன. ரெட்டினல் துணையில்லாமல் ஆப்சினும் நிலைக்கவில்லை. செல்கள் செத்துப்போன பிறகு வைட்டமின் கொடுத்துப் பயனில்லை.

குழந்தைகளில் பெரும்பாலும் இந்த அளவுக்குப் போவதில்லை. அதற்கு முன்பே கண்டுபிடிக்க வழியிருக்கிறது. இந்தோனேசியாவில் ஆல்ஃபிரட் சோமர் குழுவினர் 1980-ல் காட்டியபடி, இருட்டியதும் பிள்ளை தடுமாறுகிறதா என்று தாயிடம் கேட்பதே நம்பகமான சோதனை. அதிலும் தட்டுத் தடவி நடக்கும் வயது வந்த பிள்ளையிடம்தான் இது தெரியும். மடியில் இருக்கும் கைக்குழந்தையிடம் தெரியாது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுரைபோன்ற சாம்பல் திட்டு தெரிந்தால் அது பிடாட் புள்ளி, இன்னொரு அடையாளம். கருவிழி வறண்டு மங்கிவிட்டால் அது அவசர நிலை, பார்வையே போய்விடும்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு மாலைக்கண் கண்டால், 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ அன்றே, மறுநாள், குறைந்தது இரண்டு வாரம் கழித்து என மூன்று முறை தரவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. பொதுவாக ஓரிரு நாளிலேயே இரவுப் பார்வை திரும்புகிறது. ஆப்சின் ஏற்கெனவே தயாராகக் காத்திருக்கிறதல்லவா. வைட்டமின் கொடுத்தும் திரும்பாவிட்டால், குடும்பத்தில் மற்றவர்களுக்கும் அதே குறை இருந்தால், விழித்திரையின் மரபுவழி நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு இந்த மருந்து தீர்வல்ல. கர்ப்பிணிகளுக்கும் நிறைமாதத்தை நெருங்கும்போது மாலைக்கண் வருவதுண்டு. அவர்களுக்கு இந்தப் பெரிய அளவு ஆகாது, கருவில் ஊனம் உண்டாக்கக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் தினமும் 10,000 யூனிட்டுக்கு மேற்படாத சிறு அளவாகவே தரவேண்டும்.