ஒரே படத்தில் இரண்டு நீர்

உப்புநீரிலிருந்து நன்னீரைப் பிரிக்கும் வாலை வடித்தல் படத்தைப் பள்ளியில் வரையாதவர்கள் குறைவு. பாகங்களின் பெயர்களை ஒப்பிக்கும் பிள்ளைகளும் ஓரிடத்தில் தடுமாறிவிடுகிறார்கள்: குளிர்நீர் எந்த முனையில் நுழைகிறது, எந்த முனையில் வெளியேறுகிறது? பெயர்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, நீர் போகும் வழியைப் பென்சிலால் தொடர்ந்து பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. படத்தில் ஓடுவது ஒரு நீர் அல்ல, இரண்டு. அவை ஓரிடத்திலும் கலப்பதில்லை. ஒன்றை நீல நிறத்திலும் மற்றொன்றைச் சிவப்பிலும் தீட்டிப் பாருங்கள்.

சிவப்பு வழி, அடுப்புக்கு மேலிருக்கும் உருண்டைக் குடுவையில் தொடங்குகிறது. குடுவையில் பாதிக்கு மேல் உப்புநீர் வேண்டாம். கொதி வேகத்தில் தெறிக்கும் துளிகள் பக்கக்குழாய்க்குள் போய்விட்டால் உப்பும் கூடவே போய்விடும். அடியில் சில பீங்கான் துண்டுகளைப் போட்டுவைப்பார்கள். அவற்றிலிருந்து சிறு குமிழ்கள் தொடர்ந்து எழுவதால் நீர் திடீரென்று பொங்கி எழாது. இவற்றைச் சூடேற்றும் முன்பே போட்டுவிட வேண்டும். கொதிக்கும் நீரில் போட்டால் குபீரென்று பொங்கும்.

நீர் ஆவியாகிக் கழுத்தில் ஏறுகிறது, உப்பு குடுவையிலேயே தங்கிவிடுகிறது. கழுத்தின் மேலே தக்கையில் செருகிய வெப்பநிலைமானியின் குமிழ், பக்கக்குழாய் பிரியும் வாய்க்கு நேராக இருக்க வேண்டும். பலரும் அதை நீருக்குள் மூழ்கியதாக வரைந்துவிடுகிறார்கள். உப்புநீர் 100 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். நீர் குறையக் குறைய உப்பு செறிந்து, கொதிநிலை 108 பாகை வரைகூடப் போகும். அந்த ஏற்றம் நமக்குத் தேவையில்லை. வடிந்து போவது எது என்பதுதான் தெரிய வேண்டும். வாய்க்கு நேரே இருக்கும் குமிழின்மேல் நீராவி படிந்து ஈரமாகும்போது அது 100 பாகையைக் காட்டும். தூய நீர்தான் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். குமிழ் வாய்க்கு மிக மேலே இருந்தாலும் தவறுதான். ஆவி அதைத் தொடாமலே பக்கவாட்டில் திரும்பிவிடும், அளவு குறைவாகக் காட்டும்.

பக்கக்குழாய் வழியாக ஆவி லீபிக் குளிர்விப்பானுக்குள் நுழைகிறது. லீபிக் 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் வேதியியலர். கருவியை முதலில் உருவாக்கியவர் அவர் அல்ல. அதைப் பரவலாக்கியதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. இது ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்குழாயில் சிவப்பு வழி சரிவாக இறங்குகிறது. அதைச் சுற்றிய வெளிக்கூட்டில்தான் நீல வழி. படத்தில் உள்குழாயின் கோட்டை வெளிக்கூட்டு நீரோடு சேர்த்து வரைந்துவிட்டால், குழாய்த் தண்ணீர் வடிநீரில் கலக்கிறது என்றே பொருளாகும்.

நீல நீர் தாழ்ந்த முனையில் நுழைந்து உயர்ந்த முனையில் வெளியேற வேண்டும். கீழிருந்து ஏறும்போது நீர் காற்றை மேலே தள்ளிக்கொண்டு கூட்டை முழுவதும் நிரப்புகிறது. மேலிருந்து விட்டால் அடிப்பக்கமாக வழிந்தோடிவிடும், உள்குழாயின் மேல்பாதி வெறும் காற்றிலேயே இருக்கும். கண்ணாடிக்கும் ஆபத்து உண்டு: ஆவி சூடாக நுழையும் இடத்திலேயே குளிர்ந்த நீர் பாய்ந்தால் விரிசல் விடலாம். எனவே நீலமும் சிவப்பும் எதிரெதிராக ஓடும்.

குளிர்நீர் நிறையவே தேவை. 100 பாகையிலுள்ள 1 கிராம் நீராவி நீராக மாறும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை விடும். அந்த நீர் 30 பாகைக்கு ஆற இன்னும் 70 கலோரி. குளிர்நீரின் வெப்பநிலை 10 பாகை உயரலாம் என்று வைத்தால், அதன் ஒவ்வொரு கிராமும் 10 கலோரியைத்தான் ஏற்கும். ஆகவே 1 கிராம் வடிநீருக்கு ஏறக்குறைய 61 கிராம் குளிர்நீர். 50 மில்லி வடிநீர் சேர்க்க 3 லிட்டர். குழாய் நீரின் வேகம் போதவில்லை என்றால், சேகரிக்கும் பக்கத்து முனையில் ஆவி புகைவது கண்ணுக்கே தெரியும்.

அந்த முனையில் வாங்கும் குடுவை திறந்தே இருக்க வேண்டும். தக்கை போட்டு இறுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறி இணைப்புகள் தெறிக்கும். முனை வடிநீரில் மூழ்கவும் கூடாது. அடுப்பை அணைத்ததும் குடுவைக்குள் மிஞ்சிய ஆவி நீராகி அழுத்தம் குறையும். சேர்ந்த நீர் திரும்பி உறிஞ்சப்பட்டுச் சூடான குடுவையில் விழுந்தால் கண்ணாடி உடையும்.

வடிந்ததை நாக்கில் வைத்துப் பார்ப்பது ஆய்வகத்தில் சரியல்ல. வடிநீரில் சில துளிகள் சில்வர் நைட்ரேட் கரைசலை விட்டால் போதும். தெளிவாகவே இருந்தால் உப்பு வரவில்லை. வெண்மையாகக் கலங்கினால், எங்கோ உப்புநீர் தெறித்திருக்கிறது, அல்லது நீலக் குழாய் கசிந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரிலும் குளோரைடு உண்டு.