எழுபது கேள்விகளுக்கு ஆறு பதில்கள்

காணி ஆவணங்கள் பற்றி யூடியூப்பில் பேசி வருகிறேன். "கேள்விகளை அனுப்புங்கள், ஒரே காணொளியில் பதில் சொல்கிறேன்" என்று அறிவித்தபோது 70 கேள்விகள் வந்தன. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் இரண்டு மணித்தியாலம் தாண்டும். டேற்றா போட்டுப் பார்க்கும் அம்மாமாருக்கு அது கட்டாது.

எல்லாக் கேள்விகளையும் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பதிலை ஒரே வரியில் குறித்தேன். பிறகு கேள்வியைப் பார்க்காமல், பதிலைப் பார்த்துத்தான் பிரித்தேன். "பேமிற் எரிந்துவிட்டது", "இடம்பெயர்ந்தபோது தொலைந்தது", "வெள்ளத்தில் போனது" என்பவை மூன்று கதைகள். பதில் ஒன்றுதான்: பிரதேச செயலகக் காணிக் கிளையின் பதிவேட்டில் தேட வேண்டும். ஆகவே அவை ஒரு குழு.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. "பேமிற் கணவரின் பெயரில் இருக்கிறது, அவர் இல்லை" என்று இருவர் கேட்டிருந்தார்கள். பார்த்தால் ஒரே கேள்விதான். ஆனால் ஒருவரின் கணவர் இறந்தவர், மற்றவரின் கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். இறப்புச் சான்றிதழோடு பின்னுரித்துக் கோரும் வழியை இரண்டாமவருக்குச் சொன்னால், எடுக்க மறுத்துவரும் அந்தச் சான்றிதழையே எடுக்கச் சொன்னதாகிவிடும். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெறக்கூடிய காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பற்றி அவருக்குத் தனியே சொல்ல வேண்டும். அது ஆளை இறந்தவராகப் பதிவதில்லை. இந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது.

இப்படிப் பிரித்தபோது ஆறு குழுக்கள் தேறின. ஒவ்வொன்றுக்கும் பொதுவாக ஒரு கேள்வியை நானே எழுதினேன். பெயர், ஊர், பேமிற் இலக்கம் எதையும் வாசிப்பதில்லை. ஊர்ப்பெயர் ஒன்றே போதும், பக்கத்து வீட்டாருக்கு ஆள் தெரிந்துவிடும்.

பதிலில் முதல் வசனமே விடையாக இருக்க வேண்டும். தொலைந்த பேமிற்றுக்கு நான் பேசியது இதுதான்: "பேமிற் தொலைந்தாலும் உங்கள் பதிவு அழியாது. காணி இருக்கும் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். பேமிற்காரரின் முழுப்பெயர், கிராம அலுவலர் பிரிவு, காணி கிடைத்த ஆண்டு மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கு ஒரு கையொப்பம் வாங்குங்கள்." அரை நிமிடம்கூட இல்லை. காணிச் சட்டத்தின் வரலாறு எனக்குப் பிடித்த விசயம்தான், ஆனால் கேட்டவருக்கு அது வேண்டியதில்லை. பதிவு செய்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்பேன். எங்கே போவது, எதைக் கொண்டுபோவது என்று காதில் விழாவிட்டால் திரும்பப் பேசுவேன்.

காணொளியின் கீழே நேரக்குறிப்புப் போட்டால், தன் கேள்விக்கு நேரே தாவலாம். முதல் வரி 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று பகுதி வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையக்கூடாது.

```
00:00 அறிமுகம்
00:20 பேமிற் தொலைந்தால்
01:05 பேமிற்காரர் இறந்திருந்தால்
02:10 காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்
```

எந்தக் குழுவிலும் சேராமல் நாலைந்து கேள்விகள் மிஞ்சின. அவை எல்லைத் தகராறு, ஒரே காணிக்கு இரண்டு பேமிற் போன்றவை. "பத்திரத்தைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது, சட்ட உதவி ஆணைக்குழுவிடம் காட்டுங்கள்" என்று அவற்றுக்கு ஒரே வசனத்தில் சொல்லி முடித்தேன்.