டெண்டரில் என்ன விலை போடுவது?

ஒரு பேரூராட்சியில் 200 மீட்டர் நீளத்துக்கு, 3 மீட்டர் அகலத்தில் சிமென்ட் சாலை போட டெண்டர் வருகிறது. அடியில் 10 சென்டிமீட்டர் கலவை, அதன்மேல் 15 சென்டிமீட்டர் எம்-20 கான்கிரீட். துறையின் மதிப்பீடு, ஜி.எஸ்.டி. நீங்கலாக, 12,60,000 ரூபாய். நம் சின்ன காண்ட்ராக்டரிடம் ஒரு மேஸ்திரி, ஒரு மிக்சர், கூப்பிட்டால் வரும் பத்துப் பதினைந்து ஆட்கள் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவர் எவ்வளவு கேட்க வேண்டும்?

பெரும்பாலானோர் கையாளும் வழி எளிமையானது. பொருளுக்கும் கூலிக்கும் ஆகும் தொகையை எழுதி, அதன்மேல் 15 சதவீதம் ஏற்றிவிடுவார்கள். 15 என்ற எண்ணுக்கு அரசுக் கணக்கிலும் இடம் உண்டு. மத்திய பொதுப்பணித் துறை தன் விலைப் பகுப்பாய்வில் ஒப்பந்தக்காரரின் லாபத்துக்கும் மேல்செலவுக்கும் சேர்த்து 15 சதவீதம்தான் வைக்கிறது. ஆனால் அது நாடு முழுவதற்கும் பொதுவாகப் போட்ட எண். அந்த ஒற்றை எண்ணுக்குள் மூன்று வெவ்வேறு பணம் கலந்து கிடக்கிறது: கட்டாயம் செலவாகப் போகும் பணம், செலவாகலாம் ஆகாமலும் போகலாம் என்ற பணம், காண்ட்ராக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம். மூன்றையும் தனித்தனியாக எழுதிப் பார்க்காதவருக்குத் தன் லாபம் எவ்வளவு என்பது கடைசி பில் வந்த பிறகுதான் தெரியும். பலருக்கு அப்போதும் தெரிவதில்லை.

முதலில் நேரடிச் செலவு. ஒரு கன மீட்டர் எம்-20 கான்கிரீட்டுக்கு 8 மூட்டை சிமென்ட் வேண்டும். மூட்டை 300 ரூபாய் என்று வைத்தால் சிமென்ட் மட்டும் 2,400. ஜல்லி 1,400, எம்-சாண்ட் 950, கலந்து போடும் கூலி 950, மிக்சர், வைப்ரேட்டர், தண்ணீர், நீராற்றல் எல்லாம் சேர்த்து 300. ஆக 6,000 ரூபாய். இவை உதாரணத்துக்கான விலைகள்தான். கிரஷர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஊருக்கு ஊர் மாறும். மேல் அடுக்குக்கு 90 கன மீட்டர் என்பதால் 5,40,000. அடிக் கலவை 60 கன மீட்டர், கன மீட்டருக்கு 4,500 வீதம் 2,70,000. மண் வேலைக்கு 48,000. பக்கப் பலகை, பாலிதீன் விரிப்பு, இணைப்பு, பெயர்ப்பலகைக்கு 26,000.

பழகிய கை இங்கே இன்னொரு வரியையும் எழுதும். 15 சென்டிமீட்டர் என்று வரைபடம் சொன்னாலும், அடித்தளம் மேடுபள்ளமாக இருப்பதால் கான்கிரீட் பல இடங்களில் 16 சென்டிமீட்டர் போய்விடும். எம்-புக்கில் பதிவாவதோ 15 சென்டிமீட்டர்தான். பணமும் அதற்கு மட்டுமே வரும். அந்த ஒரு சென்டிமீட்டர் இந்தச் சாலை முழுக்க 6 கன மீட்டர், அதாவது 36,000 ரூபாய். இதை ஆபத்து என்று ஒதுக்கிவைக்க முடியாது. ஏறக்குறைய நிச்சயமாக நடப்பது என்பதால் நேரடிச் செலவிலேயே சேர வேண்டும். இப்போது மொத்தம் 9,20,000.

அடுத்தது மேல்செலவு. இதில் ஒரு பாதி வேலைத்தளத்தோடு ஒட்டியது. மேற்பார்வையாளருக்கு ஒரு மாதச் சம்பளம், இரவுக் காவல், கியூப் டெஸ்ட், போக்குவரத்து என்று 45,000 ஆகும். வேலை முடிந்தால் இவையும் நின்றுவிடும். மறு பாதி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டிருப்பது. அலுவலக வாடகை, ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்பவருக்குக் கொடுப்பது, பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம், டிஜிட்டல் கையெழுத்து, கிடைக்காமல் போன டெண்டர்களுக்காக அலைந்த செலவு ஆகியவை இதில் அடங்கும். காண்ட்ராக்டரும் தினமும் தளத்தில் நிற்கிறார் என்றால் அவருடைய சம்பளமும் இங்கேதான் எழுதப்பட வேண்டும். அதை லாபத்தில் மறைத்தால், தன் உழைப்பின் கூலியையே லாபம் என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டாவது பகுதியை ஒரே வேலையின் தலையில் கட்ட முடியாது. ஆண்டு முழுவதற்கும் பங்கிட வேண்டும். ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் ஆகிறது, அந்த ஆண்டில் 80 லட்சம் ரூபாய் அடக்கச் செலவுள்ள வேலைகள் செய்கிறார் என்றால் 6 சதவீதம் வரும். நம் சாலையின் பங்கு சுமார் 58,000. ஆனால் அந்த 80 லட்சம் வெறும் எதிர்பார்ப்பு. தேர்தல் நடத்தை விதிகள் வந்து டெண்டர்கள் நின்று, ஆண்டு வேலை 50 லட்சமாகச் சுருங்கினால் அதே வாடகையும் சம்பளமும் 9.6 சதவீதம் ஆகிவிடும். அதனால், பிடிக்க நினைக்கும் வேலையின் அளவை வகுக்கும் எண்ணாக வைக்காமல், சென்ற ஆண்டு உண்மையில் முடித்த வேலையின் அளவை வைப்பதே சரி.

மேல்செலவிலேயே அதிகம் மறக்கப்படுவது வட்டி. சிமென்ட் கடைக்காரர் சில வாரம் பொறுப்பார், ஆட்கள் சனிக்கிழமைக்கு மேல் பொறுக்க மாட்டார்கள். சராசரியாக 7 லட்சம் ரூபாய் நான்கு மாதம் மாட்டிக்கொள்கிறது, அது ஒன்றரை வட்டிக்கு வாங்கிய பணம் என்றால் 42,000 ரூபாய் வட்டி. பில்லில் 5 சதவீதத்தை ஓராண்டு பிடித்து வைப்பார்கள் என்று நிபந்தனையில் இருந்தால் அந்த 62,000 ரூபாய்க்கும் வட்டி 11,000 சேரும். சொந்தப் பணம்தானே என்று இதை விட்டுவிடுவதும் தவறு. அந்தப் பணம் சும்மா இருக்கும் பணம் இல்லை, அடுத்த வேலையைத் தொடங்க வேண்டிய பணம். இதுவரை கூட்டினால் 10,76,000.

இனி ஆபத்துக்கான ஒதுக்கீடு. கண்ணை மூடிக்கொண்டு 5 சதவீதம் என்று போடுவதைவிட, எது நடக்கக்கூடும், நடந்தால் எவ்வளவு போகும், நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதினாலே போதும். இந்த வேலைக்குச் சுமார் 970 மூட்டை சிமென்ட் வேண்டும். மூட்டைக்கு 30 ரூபாய் ஏறினால் 29,000 போகும். வாய்ப்பு பாதி என்றால் 14,500 ஒதுக்கலாம். ஜல்லியும் எம்-சாண்டும் சேர்ந்து 75 யூனிட். யூனிட்டுக்கு ஆயிரம் ஏறினால் 75,000 இழப்பு. ஐந்தில் ஒரு வாய்ப்பு என்றால் 15,000. இது கற்பனையான பயம் இல்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தப் பொருள்களின் விலை எப்படி நகர்ந்தது என்பதைக் கட்டட வேலை செய்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சில மாதங்களில் முடியும் சின்ன வேலைகளுக்கு, விலையேற்றத்தை ஈடுசெய்யும் விதி ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்காது. மழையால் ஒரு வாரம் ஆட்கள் சும்மா இருப்பதற்கு 8,000, கியூப் டெஸ்ட் தோற்று ஒரு பகுதியைப் பெயர்த்துப் போடுவதற்கு 4,500, பில் மேலும் மூன்று மாதம் தள்ளிப்போவதற்கு 16,000. எல்லாம் சேர்த்து 58,000.

ஆண்டுக்கு நூறு வேலை செய்யும் பெரிய நிறுவனத்துக்கு இந்தச் சராசரிக் கணக்கு பொருந்தும். ஒரு வேலையில் போனது மற்றொன்றில் மிஞ்சும். ஆண்டுக்கு ஏழெட்டு வேலை செய்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவர் இன்னொரு கூட்டலும் போட வேண்டும். எல்லாமே ஒரே வேலையில் நடந்துவிட்டால் இழப்பு இரண்டு லட்சத்தைத் தாண்டும். அதைத் தாங்கி நிற்க முடியுமா என்ற கேள்விக்கு முடியாது என்பது பதிலானால், ஒதுக்கீட்டைக் கூட்டிப் பயன் குறைவு. கிரஷரிடம் முன்கூட்டியே விலை பேசி முன்பணம் கொடுப்பது, கான்கிரீட் போடும் நாளை மழை மாதத்திலிருந்து விலக்கி வைப்பது போன்றவைதான் உதவும். தாளில் எழுதிய ஆபத்துகளில் ஒன்று இப்படி விலகினால், அந்த வரியின் தொகையை விலையிலிருந்து நியாயமாகக் குறைக்கலாம்.

இப்போது தொகை 11,34,000. இதன்மேல் லாபம். நம் காண்ட்ராக்டர் தான் கேட்கும் விலையில் 8 சதவீதம் லாபமாக நிற்க வேண்டும் என்கிறார். கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கான 1 சதவீதத்தையும் பில்லில் பிடித்துக்கொள்வார்கள் என்று இந்த டெண்டரின் நிபந்தனை சொல்கிறது. ஆக 9 சதவீதம். இந்த இடத்தில் 11,34,000 மீது 9 சதவீதம் கூட்டி 12,36,000 என்று எழுதினால் சுமார் 10,000 ரூபாய் குறைந்துவிடும். பிடித்தமும் லாபமும் விலையின் மீதான சதவீதங்கள், செலவின் மீதானவை அல்ல. விலையை 100 என்று வைத்தால் செலவு 91. எனவே 11,34,000-ஐ 0.91-ஆல் வகுக்க வேண்டும். விடை 12,46,000. மதிப்பீட்டைவிட ஒரு சதவீதம்தான் குறைவு.

வருமான வரிக்காகவும் ஜி.எஸ்.டி.க்காகவும் பில்லில் பிடிக்கும் டி.டி.எஸ். இந்தக் கூட்டலில் வராது. அது செலவு அல்ல, நம் பெயரில் முன்கூட்டியே கட்டப்படும் வரி. ஆனால் கைக்கு வரும் பணத்தை அது தாமதப்படுத்தும் என்பதை வட்டிக் கணக்கில் நினைவில் கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. விஷயம் வேறு. அரசு சாலைப் பணிகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம் ஆனது. கேட்கும் விலை வரி நீங்கலாகவா, வரி உட்படவா என்பதை டெண்டர் ஆவணத்தில் தேடிப் படிக்க வேண்டும். வரி உட்பட என்றிருக்கும் இடத்தில் 12,46,000 என்று எழுதிவிட்டால், அதற்குள்ளிருந்து 1,90,000 வரியாகப் போய்விடும். லாபம் ஒரு லட்சம்கூட இல்லை. உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாமே என்று நினைக்கலாம். ஆனால் பில்லோடு வாங்குகிறோம் என்ற நம்பிக்கையில்தான் பொருள்களை வரி நீங்கிய விலையில் எழுதியிருக்கிறோம். அந்தச் சலுகையை ஏற்கெனவே கணக்கில் எடுத்தாயிற்று.

இதே வேலைக்கு இன்னொருவர் 15 சதவீதம் குறைத்து 10,71,000 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆபத்துக்கும் லாபத்துக்கும் ஒரு ரூபாய்கூட வைக்காத நம் 10,76,000-க்கும் கீழே அது இருக்கிறது. அவருக்குக் கிரஷர் சொந்தமாக இருக்கலாம், கடன் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அது நியாயமான விலைதான். அப்படி எதுவும் இல்லையென்றால் குறையப்போவது சிமென்ட் மூட்டையும் கான்கிரீட்டின் கனமும். துறை சாலையைத் துளைத்து மாதிரி எடுத்துப் பார்த்தால் அது அகப்படும்; எடுக்காவிட்டால் அந்தத் தெருக்காரர்கள் இரண்டு மழைக்குள் பெயர்ந்த ஜல்லியில் நடப்பார்கள். மிகக் குறைத்துக் கேட்பவரிடம் கூடுதல் காப்புத்தொகை கட்டச் சொல்லும் நிபந்தனை பல டெண்டர்களில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தத் தொகைக்கும் வட்டி உண்டு என்பதைக் குறைப்பவர் கணக்கில் சேர்க்கிறாரா என்பது சந்தேகமே.

நம் காண்ட்ராக்டருக்கும் குறைக்க வேண்டிய கட்டாயம் வரலாம். ஆட்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள், இந்த வேலை கட்டாயம் வேண்டும் என்றால் முதலில் குறைய வேண்டியது லாபம். அது அவருடைய பணம். விட்டுக்கொடுக்கும் உரிமையும் அவருடையது. லாபத்தை முழுவதும் விட்டாலும் 11,34,000-ஐ 0.99-ஆல் வகுத்து 11,45,500 வரைதான் இறங்கலாம். மதிப்பீட்டிலிருந்து அது 9 சதவீதக் குறைவு. அதற்கும் கீழே போக, அலுவலகச் செலவின் பங்கை இந்த ஒரு வேலைக்கு விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆண்டில் ஒருமுறை, ஆட்களைக் கலையாமல் வைத்துக்கொள்வதற்காக என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். இரண்டாவது டெண்டரிலும் அதையே செய்தால், ஆண்டு முடிவில் அந்த 4,80,000-ஐக் கட்ட எந்த வேலையிலும் பணம் இருக்காது.