வாடிக்கையாளரிடம் நாலு வரி கேட்பது எப்படி?

சிறு தொழில் செய்பவர்களின் நோட்டீஸிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வாடிக்கையாளர் கருத்து என்று ஒரு பகுதி இருக்கும். அதில் பெரும்பாலும் "சூப்பர் சர்வீஸ்", "நல்ல வேலை, நன்றி" என்ற இரண்டு வாசகங்கள்தான் மாறி மாறி வரும். படிப்பவர் அதை நம்புவதுமில்லை, நம்பாமல் இருப்பதுமில்லை, தாண்டிப் போய்விடுகிறார். குறை வாடிக்கையாளரிடம் இல்லை. "நம்ம வேலையைப் பத்தி ஏதாவது ரெண்டு வரி எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டால் யாருக்கும் அதற்குமேல் எழுத வராது. எங்கே தொடங்குவது, என்ன சொல்வது என்று தெரியாமல் பலர் "அப்புறம் அனுப்புறேன்" என்று சொல்லி மறந்துவிடுவார்கள்.

சென்னையில் மொட்டைமாடிக் கசிவைச் சரிசெய்யும் ஒரு கான்ட்ராக்டரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவர் கருத்துக் கேட்க எது நல்ல நேரம்? வேலை முடிந்து பணம் வாங்கும் நாள் என்றுதான் தோன்றும். ஆனால் அன்று வீட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் மாடி சுத்தமாக இருக்கிறது, ஆட்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள் என்பது மட்டுமே. கசிவு நின்றதா என்பது வடகிழக்குப் பருவமழையில்தான் தெரியும். மே மாதம் வேலை முடிந்திருந்தால் நவம்பரில் இரண்டு பெருமழை கொட்டி ஓய்ந்த வாரத்தில் கேட்க வேண்டும். பலன் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கேட்பதுதான் கணக்கு. பிளவுஸ் தைப்பவருக்கு அது கல்யாணம் முடிந்த மறுவாரம். டியூஷன் எடுப்பவருக்குத் தேர்வு முடிவு வந்த பிறகு. ரொம்பத் தள்ளிப்போட்டாலும் பட்ட சிரமம் மறந்துபோய், "நல்லாதான் இருக்கு" என்ற பதில்தான் மிஞ்சும்.

எப்படிக் கேட்பது? முதலில் ஒரு போன். மழைக்கு வீடு எப்படி இருக்கிறது என்று நிஜமாகவே விசாரிக்க வேண்டும். இன்னும் ஒழுகுகிறது என்றால் அங்கே பேச வேண்டியது கருத்தைப் பற்றி அல்ல, மறுநாள் ஆள் அனுப்புவதைப் பற்றி. நன்றாக இருக்கிறது என்றால் அனுமதி கேட்டுக்கொண்டு இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

"வணக்கம் சார். புதுசா வேலை கொடுக்க யோசிக்கிறவங்களுக்குக் காட்ட உங்க அனுபவம் உதவியா இருக்கும். கீழே நாலு கேள்வி இருக்கு. தோணுறதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும். டைப் பண்ண வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் போதும்.

1. எங்களைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி வீட்டுல என்ன பிரச்சினை இருந்துச்சு?
2. எங்ககிட்ட வேலையைக் கொடுக்க என்ன தயக்கம் இருந்துச்சு?
3. இந்த மழைக்கு என்ன வித்தியாசம் பாத்தீங்க?
4. இன்னும் நல்லா செஞ்சிருக்கலாம்னு தோணுறது எது?

நீங்க சொல்றதைச் சுருக்கி எழுதி உங்ககிட்ட காட்டிட்டுத்தான் போடுவோம். விருப்பமில்லைன்னா பரவாயில்லை சார்."

நான்குக்கு மேல் கேள்வி வேண்டாம். நீளமான பட்டியலைப் பார்த்ததுமே ஆள் ஒதுங்கிவிடுவார். "எங்கள் வேலை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது?" என்ற மாதிரிக் கேள்வியும் வேண்டாம். அதற்குப் "ரொம்பப் பிடித்தது" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

நான்கில் உயிரான கேள்வி இரண்டாவது. கேட்கவே சங்கடமாக இருக்கும், அதனாலேயே பலர் கேட்பதில்லை. ஆனால் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் புது வாடிக்கையாளர் மனதில் இருப்பது அந்தத் தயக்கம்தான். தன்னைப் போலவே சந்தேகப்பட்ட ஒருவருக்குப் பிறகு என்ன ஆனது என்றுதான் அவர் தேடுகிறார்.

நம் உதாரணத்தில் வீட்டுக்காரர் இப்படிப் பேசி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "ஹால் சீலிங்ல ரெண்டு வருஷமா ஈரம். பெயிண்ட் அடிச்சா ஒரே மழையில உரிஞ்சிடும். ஏற்கெனவே ஒருத்தர்கிட்ட கொடுத்து ஏமாந்தோம், அதனால இவங்களையும் முதல்ல நம்பல. வேலை முடிஞ்சதும் மாடியில 48 மணி நேரம் தண்ணி தேக்கி வச்சுக் காட்டினாங்க, அப்பதான் மீதிப் பணம் கொடுத்தேன். இந்த மழைக்கு ஒரு சொட்டு இல்ல. என்ன, சொன்னதைவிட ரெண்டு நாள் கூட ஆச்சு. என் மச்சான் வீட்டுலயும் இதே பிரச்சினைதான், அவன்கிட்ட சொல்லியிருக்கேன்..."

இதைச் சுருக்கினால் கிடைப்பது: "ஏற்கெனவே ஒருத்தர்கிட்ட கொடுத்து ஏமாந்தோம், அதனால இவங்களையும் முதல்ல நம்பல. வேலை முடிஞ்சதும் மாடியில 48 மணி நேரம் தண்ணி தேக்கி வச்சுக் காட்டினாங்க. இந்த மழைக்கு ஒரு சொட்டு இல்ல. சொன்னதைவிட ரெண்டு நாள் கூட ஆச்சு."

இதில் வெட்டியது உண்டு, ஒட்டியது எதுவும் இல்லை. பேச்சு நடையை மேடைத் தமிழாக மாற்றவும் இல்லை. "மிகச் சிறந்த தரம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அது வாடிக்கையாளரின் குரலாக இருக்காது, கான்ட்ராக்டரின் குரலாகிவிடும். இரண்டு நாள் தாமதத்தை வெட்டாமல் விட்டதும் காரணத்தோடுதான். அந்தச் சின்னக் குறை இருப்பதால்தான் மற்ற வரிகளை நம்பத் தோன்றுகிறது.

சுருக்கியதை அவருக்கே அனுப்பி, "இப்படியே போடலாமா சார்? பெயர், ஏரியா போடலாமா, இல்லை எழுத்து மட்டும் போதுமா? மாடி போட்டோ சேர்க்கலாமா?" என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கருத்துக்குச் சம்மதித்தவர் வீட்டுப் படத்துக்கும் சம்மதித்ததாக அர்த்தமில்லை. பதில் வரவில்லை என்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் துரத்தினால் இருக்கிற நல்ல பெயரும் போய்விடும்.

கருத்துக்குப் பதிலாகத் தள்ளுபடி தருவதாகச் சொல்வது பலரும் செய்யும் தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்களின்படி, ஒரு பொருளையோ சேவையையோ பரிந்துரைப்பவரின் கருத்து உண்மையானதாகவும், போதுமான அனுபவத்திலிருந்து வந்ததாகவும் இருக்க வேண்டும். பரிந்துரைப்பவருக்கும் வியாபாரிக்கும் கருத்தின் நம்பகத்தன்மையைப் பாதிக்கும் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தள்ளுபடி வாங்கியவரின் பாராட்டு அந்த வகையில்தான் சேரும்.

கூகுளில் இடும் ரிவ்யூவின் கதை வேறு. நம் நோட்டீஸுக்காகத் திருப்தியான ஒருவரிடம் நாலு வரி கேட்டு வாங்கலாம். அது விளம்பரம் என்று படிப்பவருக்கும் தெரியும். ஆனால் கூகுளில் நல்லதாக எழுதுவார் என்று தெரிந்தவர்களை மட்டும் பொறுக்கி எழுதச் சொல்வதும், எழுதியதற்குப் பணமோ சலுகையோ தருவதும் அதன் விதிகளுக்கு எதிரானவை. அங்கே கேட்பதானால் எல்லா வாடிக்கையாளரிடமும் ஒரேமாதிரி கேட்க வேண்டும்.

வாங்கிய கருத்துகளை ஒரே இடத்தில் குவித்து வைப்பதால் பெரிய பயன் இல்லை. எந்தச் சந்தேகத்துக்கு எந்தக் கருத்து பதில் சொல்கிறதோ, அங்கே அதை வையுங்கள். ஏமாந்த கதையைச் சொல்லும் கருத்து கொட்டேஷனின் கடைசியில், பணம் கட்டும் விவரத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இந்த வாரம் ஒரே ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். நான்கு கேள்விகளில் இரண்டாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.