சதுர அடி ரேட்டில் அடங்காதவை

"வீடு கட்ட எவ்வளவு ஆகும்?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், மேஸ்திரியும் "சதுர அடிக்கு இவ்வளவு" என்று பொத்தாம்பொதுவாகத்தான் சொல்வார். அந்த ரேட்டை வைத்துக்கொண்டு வங்கிக் கடனுக்கு ஓடுவதற்கு முன்னால், அதற்குள் எதெல்லாம் அடங்குகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

முப்பதுக்கு ஐம்பது மனையில் 1,000 சதுர அடித் தரைத்தள வீடு, சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 லட்சம். ஆனால் தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்கும் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றுக்கு லிட்டர் கணக்கு. லிட்டருக்கு 25 ரூபாய் என்றால், 6,000 லிட்டர் சம்ப்புக்கு ஒன்றரை லட்சம், 5,000 லிட்டர் செப்டிக் டேங்குக்கு ஒன்றேகால் லட்சம். காம்பவுண்டு சுவர் ஓட்ட அடிக் கணக்கில் வரும். மனையைச் சுற்றி 160 அடி. அடிக்கு 1,500 ரூபாய் என்றால் 2.40 லட்சம். வீடு ஓர் அங்குலம்கூடப் பெரிதாகவில்லை, செலவு மட்டும் 29 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அடுத்தது மனை. சாலையைவிடப் பள்ளமான மனை விலை மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவை பேஸ்மென்ட் தின்றுவிடும். ஒப்பந்தத்தில் சொன்ன உயரத்துக்கு மேல் ஓர் அடி உயர்த்தினாலும், 1,000 சதுர அடிக்கு ஏறக்குறைய 1,000 கன அடி மண் வேண்டும். அதாவது 10 யூனிட். தண்ணீர் விட்டு இறுக்கும்போது மண் அமுங்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே தேவைப்படும். கட்டுமானச் செலவு தனி. கரிசல் மண்ணாக இருந்தால் கதையே வேறு. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும் மண் அது. செம்மண்ணுக்குப் போடும் அஸ்திவாரத்தை அங்கே போட்டால் சில வருஷங்களில் சுவரில் விரிசல் ஓடும். அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர்களைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியை மண் பரிசோதனை சொல்லும்.

வேலையின் தரத்தில்தான் வீட்டுக்காரரே செலவை ஏற்றிக்கொள்கிறார். "டைல்ஸ் சதுர அடி 50 ரூபாய் வரை" என்று கொட்டேஷனில் ஒரு வரி இருக்கும். கடைக்குப் போனதும் 90 ரூபாய் டைல்ஸ்தான் கண்ணுக்குப் பிடிக்கும். 800 சதுர அடித் தரைக்கு 32,000 ரூபாய் கூடுதல். தலைவாசலுக்குத் தேக்கு, பாத்ரூமுக்குப் பெயர்பெற்ற கம்பெனிக் குழாய் என்று பட்டியல் இப்படியே நீளும்.

இன்னொன்று: வீடு சிறியதானால் சதுர அடி ரேட்டும் குறையும் என்று நினைக்க வேண்டாம். பணத்தை விழுங்குவது சமையலறையும் பாத்ரூமும்தான். 600 சதுர அடி வீட்டிலும் அவை இருந்தே தீரும். ஹாலை மட்டும் அகலப்படுத்தினால் மொத்தச் செலவு கூடும், ஆனால் சதுர அடிக்கு விழும் சராசரி இறங்கும்.

அதனால் இரண்டு காண்ட்ராக்டர்களை ஒப்பிடும்போது ரேட்டை மட்டும் பார்க்காதீர்கள். போர்ட்டிகோ, மாடிப்படி, ஹெட்ரூம் இவற்றை முழு ரேட்டில் சேர்க்கிறார்களா, பாதி ரேட்டிலா, பேஸ்மென்ட் எத்தனை அடி என்று எழுதி வாங்குங்கள். 2,300 சொன்னவர் 2,500 சொன்னவரைவிடச் செலவு வைப்பது அங்கேதான் தெரியவரும்.