பத்து மணிக்கு மைக் நிற்கும்

அடுக்ககக் குடியிருப்புகளின் சமுதாயக் கூடங்களில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். ‘அதிக சத்தம் கூடாது. கூடத்தைச் சுத்தமாக வைத்திருக்கவும். நேரத்தைக் கடைப்பிடிக்கவும்.’ மூன்றும் நல்ல வாக்கியங்கள்தான். ஆனால் எது அதிக சத்தம், எப்படி இருந்தால் சுத்தம், எந்த நேரம் என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது. அதனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் இரவு பத்தரைக்கு வாசலில் ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. செயலாளருக்கு அதிகம் என்று படுவது, பெண்ணின் சித்தப்பாவுக்கு அதிகமாகத் தெரிவதில்லை.

சத்தத்துக்குச் சட்டமே அளவு வைத்திருக்கிறது. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. இதைச் சொன்னதும், விவரம் தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர், “மூடிய மண்டபத்துக்குள்ள போடலாம் சார், சட்டத்துலயே இருக்கு” என்பார். அவர் சொல்வது உண்மை. நாலு சுவருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி, சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களில் பயன்படுத்த விதிவிலக்கு உண்டு. ஆனால் அதே விதிகளில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. தனியார் இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் கேட்கும் ஒலி, அந்தப் பகுதிக்கு உரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு உரிய அளவு பகலில் 55, இரவில் 45. ஆக இரவில் கூடத்தின் எல்லையில் 50 டெசிபல்தான் உச்சம். இருவர் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசினாலே 60 டெசிபல் அளவுக்கு வரும். நம்முடைய கூடங்களில் பலவற்றுக்கு ஏசி கிடையாது, ஜன்னல்கள் திறந்தே கிடக்கும். அங்கே மெல்லிசைக் கச்சேரியை வைத்துக்கொண்டு விதிவிலக்கைப் பேசுவதில் பொருளில்லை.

அறிவிப்பில் டெசிபலை எழுத வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் யாரிடமும் ஒலிமானி இருக்காது. இப்படி எழுதலாம்: ‘ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கூடத்துக்குள் மட்டும் வைக்கலாம். வாசலிலும் மொட்டை மாடியிலும் அனுமதி இல்லை. வெளி கேட்டில் நிற்கும் இருவர் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். இரவு 10 மணிக்கு மைக் நிறுத்தப்படும்.’ கேட்டில் நின்று பேசிப் பார்க்கும் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அது பகல் அளவுக்கும் ஏறத்தாழப் பொருந்தும். பேஸ் பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு வரி தேவை. பாட்டின் சொற்கள் சுவரோடு நின்றுவிடும். அந்த ‘டம் டம்’ சுவரைத் தாண்டி மூன்றாவது மாடிப் படுக்கையறை வரை போகும்.

காலை 6 மணி என்கிற எல்லையைப் பெரும்பாலான அறிவிப்புகள் மறந்துவிடுகின்றன. நாலரை – ஆறு முகூர்த்தம் வைத்தால் நாதசுரமும் தவிலும் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். கெட்டிமேளம் வேண்டாம் என்று எந்தச் சங்கமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ‘காலை 6 மணிக்கு முன் மங்கள இசை மைக் இல்லாமல், கதவுகளை மூடிக்கொண்டு, கூடத்துக்குள் மட்டும்’ என்றால் இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும். வாசலுக்கு வரும் காசி யாத்திரை போன்ற சடங்குகள் 6 மணிக்கு முன் வந்தால் மேளம் இல்லாமல் நடக்கட்டும்.

மூடும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். இரவு 11 மணிக்குச் சாவி திரும்பி வர வேண்டும் என்று ஒரு சங்கம் முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம் ஏற்றவும் கூடத்தைக் கூட்டவும் ஒரு மணி நேரம் போய்விடும். அப்படியானால் விருந்தினர் 10 மணிக்கு எழ வேண்டும். ஒரு பந்தி முடிய அரை மணிக்கு மேல் ஆகும். ஆகவே கடைசிப் பந்தி 9.15-க்கு உட்கார வேண்டும். அறிவிப்பில் 11 மணியை மட்டும் போட்டால் யாருக்கும் பதற்றம் வராது. ‘கடைசிப் பந்தி 9.15’ என்று போட்டால் சமையல் மேஸ்திரி எட்டரைக்கே கடிகாரத்தைப் பார்ப்பார். பிறந்தநாள் விழாவுக்கும் இதே கணக்குதான், இன்னும் ஒரு சிக்கலோடு. ஏழு மணிக்கு வெட்டுவதாக இருந்த கேக், வர வேண்டிய அத்தைக்காக எட்டரை வரை காத்திருக்கும்.

நேரம் முடிந்ததும் விளக்கை அணைக்கச் சொல்லிக் காவலாளியை அனுப்புவது நம்மிடம் உள்ள மோசமான வழக்கம். “அண்ணே, ஒரே ஒரு பாட்டு. மாமா ஆசைப்படறார்” என்று அவர் தோளில் கை போட்டால் அவர் என்ன செய்வார்? அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்க்கலாம்: ‘நேரத்தை நீட்டிக்கும் அதிகாரம் காவலாளிக்கு இல்லை. அவரிடம் கேட்க வேண்டாம் என்று அன்புடன் வேண்டுகிறோம்.’ பக்கத்தில் அன்றைய பொறுப்பாளரின் கைபேசி எண் இருக்க வேண்டும்.

சுத்தம் என்பதில்தான் சண்டை அதிகம். ‘நாங்க பெருக்கிட்டுத்தான் போனோம்’ என்பார்கள், உண்மையாகவே பெருக்கியிருப்பார்கள். மறுநாள் காலையில் தெரிவது வேறு. கை கழுவும் தொட்டியில் தயிர்சாதம் அடைத்து நிற்கும். மேடைச் சுவரில் டேப்பை உரித்த இடத்தில் பெயின்ட்டும் சேர்ந்து வந்திருக்கும். பாப்பரிலிருந்து சிதறிய ஜிகினாத் துண்டுகள் மின்விசிறி இறக்கை மேல் உட்கார்ந்திருக்கும். எனவே பெயர் சொல்லியே எழுத வேண்டும்: சோறும் சாம்பாரும் சாக்கடைத் துவாரத்தில் கொட்டக் கூடாது, எண்ணெயைத் தனி டின்னில் எடுத்துப் போக வேண்டும், ஆணியும் டேப்பும் வேண்டாம், பூ அலங்காரத்தைக் கம்பிச் சட்டத்தில் கட்டலாம், ஸ்னோ ஸ்ப்ரேயும் பாப்பரும் அனுமதி இல்லை. எச்சில் இலையும் உணவுக் கழிவும் ஒரு தொட்டியில், பாட்டிலும் காகிதமும் இன்னொன்றில். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய தட்டு, காகிதக் கோப்பை, சாப்பாட்டு விரிப்பு போன்றவற்றுக்குத் தடை இருக்கிறது. வாழையிலை போடும் வீட்டாருக்கு இதில் கவலையில்லை. உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளில் இடம்பெற்றது. குப்பை வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய இந்தத் தகவல் உதவும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அறிவிப்பைப் படித்துக் கையெழுத்துப் போடுபவர் பெண்ணின் அப்பா. சத்தம் போடுபவர் சவுண்ட் சர்வீஸ்காரர், அடைப்பு உண்டாக்குபவர் சமையல் ஒப்பந்தக்காரர், சுவரைக் கெடுப்பவர் அலங்காரக்காரர். பெண்ணின் அப்பாவுக்கு அன்று சாப்பிடவே நேரம் இருக்காது. ஆகவே முன்பணம் வாங்கும்போதே மூன்று துண்டுச் சீட்டுகளைக் கொடுத்துவிட வேண்டும், ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்கு உரிய நாலு வரிகளோடு. கூடத்தில் தொங்கும் பெரிய பலகையைவிட இந்தச் சீட்டுகள் அதிக வேலை செய்யும்.

பிடித்தம் எவ்வளவு என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும். மிரட்டலுக்காகப் பெரிய தொகையைப் போடும் சங்கங்கள் உண்டு. அது வீண். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, தாளில் என்ன தொகை இருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அடைப்பு எடுக்க ஆள் கூலி, உடைந்த நாற்காலியின் விலை, கூடுதல் நேரத்துக்கான வாடகை என்று செலவை ஒட்டியே போடுவது நல்லது. சாவி கொடுக்கும்போது இரு தரப்பும் சேர்ந்து கூடத்தைச் சுற்றிவந்து கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நாற்காலிகளை எண்ணிக் கையெழுத்து வாங்க வேண்டும். சாவி திரும்பும்போதும் அதே சுற்று. பிடித்தம் போக மீதி முன்பணத்தை அன்று மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும். மூன்று வாரம் இழுத்தடிக்கும் சங்கத்துக்கு, 10 மணி என்றால் 10 மணிதான் என்று சொல்ல வாய் வராது.